டிஸ்க் கையில் இருக்கிறது, கேம் எங்கே போனது?

"தி க்ரூ கேமை பிஎஸ்4 டிஸ்க்காகக் காசு கொடுத்து வாங்கினேன். போன வாரம் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டால், சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. டிஸ்க் கையில் இருக்கும்போது கேம் எப்படிப் போகும்? கடையிலிருந்து எடுத்துவிட்டதால்தான் இப்படியா? திரும்ப ஓட வைக்க வழி உண்டா?"

கடையிலிருந்து எடுத்ததால் உங்கள் டிஸ்க் நிற்கவில்லை. நடந்தவை இரண்டு வேறு காரியங்கள், இரண்டுக்கும் நடுவே மூன்றரை மாத இடைவெளி இருக்கிறது. இந்தக் கார் பந்தய கேமை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2023 டிசம்பர் 14 அன்று அதை எல்லா டிஜிட்டல் கடைகளிலிருந்தும் எடுத்தது. அன்று மாலை உங்கள் டிஸ்க்கைப் போட்டிருந்தால் வழக்கம்போல் டெட்ராய்ட் தெருக்களில் ஓட்டியிருப்பீர்கள். புதிதாக வாங்க முடியாது, அவ்வளவுதான். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். உங்கள் டிஸ்க் நின்றது அன்றைக்குத்தான்.

பழைய கேம்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். கடையிலிருந்து எடுப்பது வாசலைப் பூட்டுவது மாதிரி. உள்ளே இருப்பவர் இருக்கலாம், புதியவர் வர முடியாது. சர்வரை மூடுவது வீட்டின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது. சில வீடுகளில் அதற்குப் பிறகும் குடியிருக்கலாம், சிலவற்றில் முடியாது. எதில் முடியும், எதில் முடியாது என்பதைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: கேமின் எவ்வளவு பங்கு உங்களிடம் இருந்தது, எவ்வளவு பங்கு அந்தப் பக்கம் இருந்தது.

தி க்ரூவில் உங்களிடம் இருந்த பங்கைப் பார்ப்போம். டிஸ்க்கில் அமெரிக்காவையே சுருக்கி வைத்த அந்தப் பெரிய வரைபடம், கார்களின் உருவங்கள், ஒலிகள், காட்சிகள், கார் எப்படி வளையும் எப்படி மோதும் என்ற கணக்கு எல்லாம் இருந்தன. கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற எல்லாமே. இல்லாதது உங்கள் சேவ். எந்தக் கார்கள் உங்களுடையவை, எந்தப் பாகத்தை எங்கே மாட்டினீர்கள், கதையில் எந்த மிஷன்வரை வந்தீர்கள் என்ற பதிவெல்லாம் யூபிசாஃப்ட்டின் சர்வரில் இருந்தது. கேம் தொடங்கும்போதே சர்வரைக் கூப்பிட்டு 'இவர் யார், இவரிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கும். பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போகத் தெரியாது. அலெக்ஸ் டெய்லர் தன் அண்ணனின் கொலைக்குப் பழி வாங்கப் போகிற முழுக் கதை அதில் இருக்கிறது. கூட யாரும் இல்லாமல் தனியாகவே விளையாடி முடிக்கலாம். ஆனால் தனியாக விளையாடவும் இணைப்பு வேண்டும் என்று 2014-இல் வெளியிடும்போதே அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

மூடும்போது நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு. சர்வர் கட்டமைப்பைத் தொடர்ந்து நடத்துவதில் உள்ள சிக்கல் ஒன்று, உரிமங்கள் மற்றொன்று. சர்வருக்குச் செலவு ஆகும் என்பது எல்லோருக்கும் புரியும். உரிமம் என்ற காரணத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கார் கேமில் உண்மையான கம்பெனிகளின் கார் வந்தால், அந்தப் பெயருக்கும் வடிவத்துக்கும் கார் கம்பெனியிடம் உரிமம் வாங்கியிருப்பார்கள். பாட்டுக்கும் அப்படித்தான். இந்த உரிமங்களுக்குப் பெரும்பாலும் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் புதுப் பிரதி விற்கக் கூடாது. அதனால்தான் கார் கேம்கள் சில வருடங்களில் கடையிலிருந்து காணாமல் போகின்றன. ஆனால் ஏற்கெனவே விற்ற பிரதி உங்கள் வீட்டில் ஓடுவதை இது தடுப்பதில்லை. இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சோனியின் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் 2017-இல் வந்தது. அதிலும் உண்மையான கார்கள்தான், அதிலும் இணைப்பு இல்லாமல் சேமிக்க முடியாது என்ற அதே தொல்லை இருந்தது. 2024 ஜனவரி 31 அன்று அதன் ஆன்லைன் சேவையை மூடினார்கள், கடையிலிருந்தும் எடுத்தார்கள். ஆனால் மூடுவதற்கு முன்பே ஒரு அப்டேட் விட்டு, தனியாக விளையாடும் பகுதிகளில் முன்னேற்றம் உங்கள் கன்சோலிலேயே சேமிக்கப்படுமாறு மாற்றிவிட்டுப் போனார்கள். அந்த டிஸ்க்கை இன்று போட்டாலும் ஓட்டலாம். இரண்டு மாத இடைவெளியில் மூடப்பட்ட இரண்டு கார் கேம்கள். ஒன்று வீட்டில் இருக்கிறது, இன்னொன்று வட்டத் தட்டாக மட்டும் இருக்கிறது. வித்தியாசம் உரிமத்தில் இல்லை. சேவ் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்விக்கு ஒருவர் வேலை செய்தார், மற்றவர் செய்யவில்லை.

(அப்புறம் யூபிசாஃப்ட்டே இதைச் செய்யக்கூடியதுதான் என்று காட்டியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, தி க்ரூ 2-க்கு இணைப்பின்றி விளையாடும் வசதியைத் தருவதாக 2024-இல் அறிவித்து, 2025-இல் கொடுத்தும் விட்டது. முதல் கேமுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.)

சரி, திரும்ப ஓட வைக்க வழி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதலில் மூடிய சர்வரை வெளியாட்கள் எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டும். சுலபமான கேஸிலிருந்து தொடங்கினால் உங்கள் கேஸ் ஏன் கடினம் என்று புரியும்.

நின்டென்டோவின் வீ, டிஎஸ் கருவிகளுக்கான ஆன்லைன் சேவை 2014 மே மாதம் மூடப்பட்டது. அந்தச் சேவை கேம்ஸ்பை என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தின் மேல் நின்றது, அந்த நிறுவனமும் அதே மாதக் கடைசியில் கடையைக் கட்டியது. ஆனாலும் மாரியோ கார்ட் வீயை இன்றும் ஆட்கள் இணையத்தில் விளையாடுகிறார்கள். விம்ஃபி என்ற ரசிகர் சர்வர், அதிகாரபூர்வ சேவை மூடிய அந்தக் கட்டத்திலேயே தயாராக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? மாரியோ கார்ட் வீயில் சர்வருக்கு வேலை கொஞ்சம்தான். அது ஒரு கல்யாணத் தரகர் மாதிரி. 'நீ இவரோடு விளையாடு' என்று ஆட்களைச் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பந்தயம் தொடங்கிய பிறகு கன்சோல்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கேம் முழுவதும் டிஸ்க்கில் இருக்கிறது. கேம்ஸ்பையின் பேச்சு முறையும் ஏராளமான கேம்களில் பயன்பட்டதால் பலருக்கு ஏற்கெனவே பரிச்சயம். ஆகவே புதுத் தரகர் ஒருவரை உட்கார வைத்தால் போதும்.

அந்தப் புதுத் தரகரிடம் கேமை எப்படி அனுப்புவது? கேம் சர்வரைத் தேடும்போது பெயரைச் சொல்லித்தான் தேடும். பெயருக்கு உரிய எண்ணைத் தருவது டிஎன்எஸ். அந்த இடத்தில் பொய்யான பதிலைக் கொடுத்தால் கேம் வேறு வாசலுக்குப் போகும். கம்ப்யூட்டரில் இதற்கு `hosts` என்ற கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்:

```
127.0.0.1   login.example.com
```

இதன் பொருள், 'login.example.com எங்கே என்று யாராவது கேட்டால், இதே கம்ப்யூட்டர்தான் என்று சொல்' என்பது. கன்சோலில் இந்தக் கோப்பைத் தொட முடியாது, அதனால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை மாற்றுவார்கள். டிஎஸ் கருவிக்கு அது மட்டுமே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் எதிர்முனையில் இருப்பது உண்மையான நின்டென்டோவா என்று சான்றிதழைச் சோதிப்பதில் அதில் ஓர் ஓட்டை இருந்தது. வீ அவ்வளவு ஏமாளி இல்லை. கேமின் நிரலையே கொஞ்சம் மாற்றி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. இப்போதைய கன்சோல்கள் ஒட்டுப்போட்ட கேமை ஓட்டவே மறுத்துவிடும். கம்ப்யூட்டர் கேம்கள் மூடிய பிறகு பிழைப்பதும், அதே கேமின் கன்சோல் பிரதி செத்துக் கிடப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

தி க்ரூவில் அந்தப் பக்கம் இருந்தவர் வெறும் தரகர் இல்லை, கணக்குப்பிள்ளை. அவர் வைத்திருந்த பேரேடு எந்த மாதிரி என்று வெளியில் யாருக்கும் தெரியாது. கேம் என்ன கேட்கும், அதற்கு எந்த வடிவில் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே நேர்வழி, சர்வர் உயிரோடு இருக்கும்போதே இரண்டும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்வது. பாஷை தெரியாத இருவர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, பிறகு அகராதி தயாரிப்பது போன்ற வேலை. பேச்சு பொதுவாக மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதனால் கம்பியில் போகும் பாக்கெட்டுகளை அப்படியே பிடித்தால் பயன் குறைவு. கேமின் உள்ளே நுழைந்து, பூட்டுப் போடுவதற்கு முன்பும் பூட்டைத் திறந்த பிறகும் என்ன இருக்கிறது என்று எடுக்க வேண்டும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நீங்கள் கேட்காத கேள்விக்குச் சர்வர் பதில் சொல்லாது. பதிவு செய்கிற ஆட்கள் யாரும் ஒரு குறிப்பிட்ட மிஷனை விளையாடவில்லை என்றால், அதற்கான உரையாடல் பதிவில் இருக்காது. மூடிய மறுநாள் 'அடடா, அதை விட்டுவிட்டோம்' என்று ஞாபகம் வந்தால், பிறகு ஊகம்தான். நானும் ஒரு சிறிய மொபைல் கேமுக்கு இப்படிச் செய்து பார்த்தவன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மூடப்போகிறோம் என்று அறிவித்து ஒரு மாதம் கொடுத்தார்கள். நான் சாவகாசமாகத் தினம் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வாரம் ஓர் அப்டேட் வந்து பாதி மெனுக்களை முன்கூட்டியே பூட்டிவிட்டது. எனக்கு மிஞ்சியது கடை மெனுவின் முழு உரையாடலும், முதல் ஆறு கட்டங்களும். கேமில் நாற்பது கட்டம்.

தி க்ரூவுக்கு அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே இருந்த மாதங்களில் ரசிகர்கள் சிலர் இந்தப் பதிவு வேலையில் இறங்கினார்கள். தி க்ரூ அன்லிமிடெட் என்ற அவர்களுடைய திட்டம் சர்வரை முழுக்க மறுபடி எழுதி, 2025 செப்டம்பரில் வெளியிட்டது. மூடி ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து. தனியாகவும் விளையாடலாம், மற்றவர்களோடும் விளையாடலாம். ஆனால் கம்ப்யூட்டர் பிரதிக்கு மட்டும். உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குக்கு அது பயன்படாது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்துச் சொல்வதில் லாபம் இல்லை.

இதைவிட நன்றாக உயிர் பிழைத்த ஒரு கேம் உண்டு. அது பிழைத்த விதம்தான் காப்பகம் நடத்துபவர்களைச் சங்கடப்படுத்துகிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமை என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. அதன் சர்வர் தரகரும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. அந்த வகைக் கேமில் எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்ற உலகத்தின் நடப்பு முழுவதுமே சர்வரில் நடக்கும். பதிவு செய்த உரையாடலை மட்டும் வைத்து அதை முழுமையாகத் திரும்பக் கட்டுவது அநேகமாக ஆகாத காரியம். ஆறு வருடத்துக்கு மேல் அது செத்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். 2019 ஏப்ரலில்தான் தெரிந்தது, உண்மையான சர்வர் நிரல் கசிந்து, ஒரு சிறு கூட்டம் ரகசியமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தது என்று. நிரல் வெளியே வந்ததும் பொதுச் சர்வர்கள் முளைத்தன. அவற்றில் ஹோம்கமிங் என்ற குழுவுக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட்டே முறைப்படி உரிமம் கொடுத்தது. முதலில் திருட்டு, பிறகு ரகசியம், கடைசியில் அனுமதி. நியாயமான வரிசை தலைகீழாகப் போனதால்தான் அந்த கேம் இன்று இருக்கிறது.

நூலகமும் அருங்காட்சியகமும் இந்த வேலையைச் செய்யக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அங்கே கேமில் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பதே குற்றம். அதற்கு விதிவிலக்குகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிப்புரிமை அலுவலகம் பரிசீலிக்கும். 2015-இல் ஒரு விதிவிலக்கு கிடைத்தது: நீங்கள் யார் என்று சரிபார்க்கும் சர்வர் மூடப்பட்டால், சட்டப்படி வாங்கிய கேமைத் தொடர்ந்து விளையாட அந்தச் சரிபார்ப்பைத் தாண்டலாம். கேமின் உள்ளடக்கம் அந்தப் பக்கம் இருந்தால் அது பொருந்தாது. 2018-இல் அதை விரித்து, சர்வர் பகுதியைக்கூட நூலகங்கள் ஓட்டலாம் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: சர்வர் நிரலின் பிரதி சட்டப்படி அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதை யார் கொடுப்பார்கள்? கம்பெனி மனசு வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. கசிந்த நிரலை வைத்து நூலகம் எதுவும் செய்ய முடியாது. விளையாடுபவரும் நூலகக் கட்டடத்துக்குள்ளேயே வந்து விளையாட வேண்டும். தூரத்திலிருந்து ஆய்வாளர்கள் அணுக அனுமதி கேட்டார்கள், 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது. புத்தகத்தையும் திரைப்படத்தையும் தூரத்திலிருந்து பார்க்க வழி இருக்கும்போது கேமுக்கு மட்டும் ஏன் இப்படி என்றால், ஆய்வு என்ற பெயரில் ஆட்கள் பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவார்கள் என்ற பயம். எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது முதல் வகைக்கு, கடையிலிருந்து எடுப்பதற்கு, வருகிறேன். அது சர்வர் மூடலைவிட மெதுவான விஷம். பெரும்பாலான கடைகள் கேமை எடுத்தாலும், முன்பே வாங்கியவர் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ள விடுகின்றன. நின்டென்டோ 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ கடைகளில் விற்பனையை நிறுத்தியபோதும் அப்படித்தான். ஆனால் அது கடைக்காரர் காட்டும் தயவு. எப்போது வேண்டுமானாலும் மாறலாம். மாறினால் எப்படி இருக்கும் என்பதற்கு கொனாமியின் பி.டி. உதாரணம். 2014 ஆகஸ்டில் பிஎஸ்4-இல் இலவசமாக வந்த சின்னப் பேய் கேம். 2015 ஏப்ரலில் கடையிலிருந்து எடுத்தார்கள், பிறகு முன்பே வைத்திருந்தவர்களுக்குக்கூடத் திரும்ப டவுன்லோட் கிடையாது என்றாகிவிட்டது. டிஸ்க்கில் அது வரவே இல்லை. அன்றிலிருந்து அந்த கேம் இருப்பது, யாரோ அழிக்காமல் விட்ட பழைய கன்சோல்களின் ஹார்ட் டிஸ்க்குகளில்தான். அந்த கன்சோல்களை அதிக விலைக்கு விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது.

சில கேம்கள் திரும்பி வருவதும் உண்டு. ஆலன் வேக் 2017-இல் பாட்டு உரிமம் முடிந்து கடையிலிருந்து போனது, மறு உரிமம் வாங்கி அடுத்த வருடமே வந்தது. ஸ்காட் பில்கிரிம் கேம் 2014 கடைசியில் போய் 2021 ஜனவரியில் வந்தது. இவை விற்றால் காசு வரும் கேம்கள், அதனால் வக்கீல் செலவு செய்ய ஆள் இருந்தார். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அங்கே வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று எந்த வகையிலும் விற்பனையில் இல்லை என்று கண்டார்கள். அவற்றுக்கெல்லாம் யார் வக்கீல் வைப்பார்கள்?

கடை மூடுவது டிஸ்க் வைத்திருப்பவரையும் பாதிக்கும். டிஸ்க்கில் இருப்பது அச்சடித்த நாளின் பிரதி. அதற்குப் பிறகு பிழைகளைத் திருத்திய அப்டேட்டுகள் எல்லாம் கடையின் சர்வரிலிருந்துதான் வருகின்றன. சோனி 2021 மார்ச்சில் பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்தபோது பலர் பதறியது அதனால்தான். எதிர்ப்பு பலமாக வந்ததும் அடுத்த மாதமே பிஎஸ்3-க்கும் வீட்டாவுக்கும் மட்டும் முடிவை வாபஸ் வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு சங்கதி உங்கள் பிஎஸ்4-க்கே நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கன்சோலின் உள்ளே கடிகாரத்தை ஓட்ட ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்து போய், புது பேட்டரி போட்ட பிறகும், கன்சோல் ஒருமுறை சோனியின் சர்வரோடு பேசி நேரத்தைச் சரிசெய்தால்தான் கேம் ஓடும் என்று இருந்தது. சோனியின் சர்வர் ஒருநாள் நின்றுவிட்டால், இணையமே தேவைப்படாத டிஸ்க் கேம்கூட ஓடாது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 சிஸ்டம் அப்டேட்டில் பிஎஸ்4-க்கு இதைச் சரிசெய்தார்கள். அமைப்பில் போய் உங்களுடையது 9.00 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'நான் காசு கொடுத்து வாங்கியதை எப்படி நிறுத்தலாம்' என்ற உங்கள் கோபம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 நவம்பரில் இருவர் வழக்குப் போட்டார்கள். யூபிசாஃப்ட்டின் பதில்: நீங்கள் வாங்கியது கேமை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை, ஆன்லைன் அம்சங்களை 30 நாள் முன்னறிவிப்போடு நிறுத்தலாம் என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். உங்கள் பிஎஸ்4 பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழக்குப் போட்டவர்கள் பதிலுக்கு ஒரு படத்தை எடுத்து நீட்டினார்கள். அது கேமின் ஆக்டிவேஷன் கோடு, அதற்குரிய காலாவதி 2099 என்று இருந்தது. ஆன்லைன் 'அம்சம்' என்றால் முழு கேமும் என்று யார் நினைப்பார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அதே கலிஃபோர்னியா, 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் கடைகள் 'வாங்கு' என்று போட்டால் அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது. அதனால் மூடுவது நிற்காது, ஏமாந்தோம் என்ற உணர்வு வேண்டுமானால் குறையும்.

ஐரோப்பாவில் நடப்பது கொஞ்சம் வேறு. தி க்ரூ மூடியதைக் கண்டு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் முன்மொழிவு என்று ஒரு முறை இருக்கிறது, 10 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள். அவர்கள் கேட்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்வரை என்றென்றும் நடத்து என்று கேட்கவில்லை. போகும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்கிறார்கள். கம்பெனிகளின் சங்கம் சொல்லும் பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தனியார் சர்வரில் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிக்க முடியாது, பல கேம்களை இணைப்பையே அடித்தளமாக வைத்துக் கட்டியிருக்கிறோம், அதை மாற்றினால் செலவு எகிறும் என்கிறார்கள். ஏற்கெனவே கட்டி முடித்த கேமில் இது கடினம்தான், சர்வர் நிரலில் வேறு கம்பெனிகளின் உரிமம் பெற்ற பகுதிகளும் கலந்திருந்தால் அப்படியே தூக்கி வெளியே கொடுக்கவும் முடியாது. ஆனால் முதல் நாளிலிருந்தே முடிவை யோசித்துக் கட்டினால் அவ்வளவு பாரம் இல்லை. நாக்அவுட் சிட்டி என்ற கேமைச் செய்த வேலன் ஸ்டுடியோஸ் பெரிய கம்பெனி இல்லை. 2023 ஜூனில் சர்வரை மூடியபோது, யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

உங்கள் மற்ற டிஸ்க்குகளுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ரூட்டர் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், கேமைத் தொடங்குங்கள். முதல் மெனுவைத் தாண்டினால் மட்டும் போதாது. பத்து நிமிடம் விளையாடி, சேமித்து, முழுக்க மூடி, திரும்பத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் அது உங்களுடையது. அதற்குரிய கடைசி அப்டேட்டை இப்போதே இறக்கி, கன்சோலில் அழிக்காமல் வைத்திருங்கள், முடிந்தால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பேக்கப் எடுங்கள். சேமிக்கும்போது நின்றால் அது கணக்குப்பிள்ளை வகை. அதை விளையாட வேண்டும் என்று ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

தி க்ரூவைப் பொறுத்தவரை, தி க்ரூ அன்லிமிடெட் சர்வரோடு சேர உங்களுக்குக் கம்ப்யூட்டர் பிரதியின் கோப்புகள் வேண்டும். அந்தக் குழு கேமைத் தருவதில்லை, சர்வரை மட்டும்தான் தருகிறது. முன்பு வாங்கி, கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால், முன்பு சொன்ன 2023 டிசம்பர் 14 குறுக்கே நிற்கிறது: சர்வர் திரும்பி வந்துவிட்டது, டிஜிட்டல் கடையில் கேம் இல்லை. நண்பர் யாராவது பழைய கம்ப்யூட்டரில் அதை நிறுவிவைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.